அம்சா எழுதிய வரிசை

விழுப்புரத்தில் காலைப் பாசஞ்சரில் ஏறும்போதே அம்சாவுக்கு முட்டி வலிக்க ஆரம்பித்துவிடும். ஐம்பத்து மூன்று வயது. உட்கார இடம் கிடைத்தால் முண்டியம்பாக்கம் தாண்டுவதற்குள் தூங்கிவிடுவாள். கிடைக்காவிட்டால் கதவோரம் சாய்ந்து நின்றபடி திண்டிவனம் வரை போவாள். இருபத்தேழு வருஷமாக இதே பாதை. பேரணியில் யார் ஏறுவார்கள், மயிலத்தில் யார் இறங்குவார்கள் என்று கண்ணைத் திறக்காமலே சொல்லிவிடுவாள்.

மண்டகப்பட்டுப் பக்கத்துக் காலனியில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் இருநூற்றுக்கு நூற்றுத் தொண்ணூற்றாறு வாங்கினாள். அதற்கு மேல் படிக்க வைக்க வீட்டில் வழியில்லை. டைப்ரைட்டிங் முடித்துவிட்டு, திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெயம் என்ற அம்மாள் நடத்திய கம்ப்யூட்டர் ஜாதகக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். பிறந்த தேதி, நேரம், ஊர் மூன்றையும் தட்டினால் இருபத்திரண்டு பக்கம் அச்சாகி வரும். அதை ஸ்டேப்ளர் அடித்துக் கொடுப்பதுதான் வேலை.

பதினான்காம் பக்கத்தில் ஒரு கட்டம் நிறைய எண்கள் இருக்கும். 'ஷட்பலம்' என்று தலைப்பு. வாங்கிப்போகிற யாரும் அந்தப் பக்கத்தைப் பார்ப்பதில்லை. ஜோசியர்களே புரட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள். கணக்கில் பிரியம் இருந்ததால் அம்சா அந்தப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். புத்தகம் வாங்கி, தபாலில் பட்டயப் படிப்புப் படித்து, மெஷின் போட்ட எண்ணைத் தானே கையால் போட்டுப் பார்க்கிற அளவுக்கு வந்தாள். ஜெயம் கடையை மூடிவிட்டு மகள் வீட்டோடு போனபோது, அந்த அறையை அம்சாவுக்கே விட்டுப் போனாள்.

அந்தக் கணக்கு ஒன்றும் மந்திரமில்லை. சூரியன் முதல் சனி வரை ஏழு கிரகங்கள். ராகுவும் கேதுவும் இதில் சேர்த்தியில்லை. ஒவ்வொரு கிரகத்துக்கும் ஆறு வழியில் பலம் வரும். எந்த ராசியில் எப்படி நிற்கிறது என்பது ஸ்தான பலம். உச்சத்தில் நின்றால் ஏறும், நீசத்தில் இறங்கும். எந்தத் திசையில் நிற்கிறது என்பது திக் பலம். குருவுக்கும் புதனுக்கும் லக்னம், சூரியனுக்கும் செவ்வாய்க்கும் பத்தாமிடம், சனிக்கு ஏழு, சந்திரனுக்கும் சுக்கிரனுக்கும் நாலு. பகலா இரவா, வளர்பிறையா தேய்பிறையா, என்ன கிழமை, என்ன ஹோரை என்று பார்ப்பது கால பலம். வக்ரமாகத் திரும்பி நடக்கிறதா என்பது போன்ற நடையைப் பொறுத்தது சேஷ்டா பலம். பிறவியிலேயே உள்ளது நைசர்கிக பலம். அது எல்லார் ஜாதகத்திலும் ஒன்றுதான், சூரியனுக்கு அதிகம், சனிக்குக் குறைவு. கடைசியாக, எந்தக் கிரகம் அதைப் பார்க்கிறது என்பதை வைத்து வரும் திருக் பலம். நல்ல கிரகங்களான சுபர் பார்த்தால் கூட்டு, தீய கிரகங்களான பாபர் பார்த்தால் கழி. ஆறையும் கூட்டி அறுபதால் வகுத்தால் 'ரூபம்' என்ற கணக்கில் ஓர் எண் நிற்கும்.

அந்த எண்ணுக்காகத்தான் சுற்றுவட்டார ஜோசியர்கள் அவளைத் தேடி வந்தார்கள். இரண்டு சாஃப்ட்வேர் இரண்டு விதமாகக் காட்டினால், "அம்சாகிட்ட குடுத்து ஒருதபா போட்டுப் பாத்துடு" என்பார்கள். பலன் சொல்வது அவர்கள். கூட்டிக் கழிப்பது இவள். நேரடியாகப் பலன் கேட்டும் சிலர் வந்தார்கள். கிராமத்துப் பெரிய குடும்பக்காரர்கள் அறைக்குள் மரியாதையாகப் பேசுவார்கள். டீ வாங்கி வைத்தால் மட்டும் இப்போதுதான் குடித்தேன் என்பார்கள். அவள் அதற்குப் பழகியிருந்தாள்.

ஆரம்பத்தில் கூட்டுத்தொகையை வைத்தே வரிசை எழுதினாள். எது பெரிய எண்ணோ அது முதல் கிரகம், எது சின்ன எண்ணோ அது கடைசி. சாஃப்ட்வேரும் அப்படித்தான் வரிசை போட்டது. அவள் அதை நோட்டில் எழுதிக்கொண்டு, பக்கத்தில் ஒன்று, இரண்டு என்று சிவப்பு மையில் இட்டுக் கொடுப்பாள்.

ஆறு வருஷத்துக்கு முன், செஞ்சியிலிருந்து வந்த ஒரு ஜோசியர் அவள் எழுதியதைப் பார்த்துவிட்டு, "தேவையான பலத்தால வகுக்கலையாம்மா?" என்று சாதாரணமாகக் கேட்டார். அன்று சாயந்திரம் ரயிலில் அவளுக்குத் தூக்கம் வரவில்லை. புத்தகத்தில் அவளே படித்ததுதான். ஒவ்வொரு கிரகத்துக்கும் இவ்வளவாவது இருக்க வேண்டும் என்று தனி அளவு உண்டு. புதனுக்கு ஏழு ரூபம். சூரியனுக்கும் குருவுக்கும் ஆறரை. சந்திரனுக்கு ஆறு, சுக்கிரனுக்கு ஐந்தரை. செவ்வாய்க்கும் சனிக்கும் ஐந்து போதும். கிடைத்த பலத்தை இந்த அளவால் வகுத்து வருவதை வைத்துத்தான் எது முந்தி, எது பிந்தி என்று சொல்ல வேண்டும். படித்ததை அவள் பரீட்சையில் எழுதியிருந்தாள். கடையில் உட்கார்ந்தபோது செய்யவில்லை.

மறுநாளிலிருந்து சரியாக எழுதினாள். பழையதை என்ன செய்வது என்று யோசித்தாள். ஒன்பது நோட்டுகள். அந்த மாதம்தான் அவள் கணவன் கிருஷ்ணசாமி கூட்ஸ் ஷெட்டில் மூட்டையோடு விழுந்து முதுகெலும்பில் அடிபட்டான். ஆஸ்பத்திரி, வீடு, ரயில், அறை என்று நாட்கள் போயின. நோட்டுகள் மேல் பலகையில் இருந்தன. அவற்றை எடுக்க வேண்டும் என்று தோன்றும்போதெல்லாம் அம்சாவுக்கு உடம்பு அசந்துபோகும். அப்படியே விட்டுவிட்டாள்.

போன ஆடியில் ஒரு வியாழக்கிழமை, பதினொரு மணி வாக்கில், கண்ணையன் வந்தார். மயிலத்துக்குப் பக்கத்தில் நாலு காணி வைத்து நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் பயிர் செய்கிறவர். கூடவே மகள் கலைப்பிரியா, இருபத்தைந்து வயது, வெயிலில் கறுத்த முகம், முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். அவள் நாற்காலியில் உட்காராமல் வாசற்படி ஓரம் நின்றாள்.

கண்ணையன் பையிலிருந்து லேமினேட் செய்த ஒரு தாளை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இது நீங்க எழுதிக் குடுத்ததுதானேம்மா? எட்டு வருஷம் ஆவுது. இத இதுக்கிட்ட ஒருதபா வாயால சொல்லிடுங்க. போலீஸ் செலக்‌ஷன் ஆயி ஆர்டரு வந்துக்கீது. எனக்குத் தெரியாம ஓடிக்கினு, பரீட்சை எழுதிக்கினு இருந்துருக்குது. வர்ற பத்தாந்தேதி ட்ரெய்னிங் போவணுமாம்."

அம்சா தாளைப் பார்த்தாள். அவளுடைய கையெழுத்துதான். கீழ்வாலைச் சுழித்துவிடுகிற 'ரு' அவளுடையது. சிவப்பு மை கொஞ்சம் வெளிறியிருந்தது.

புதன் 1. சூரியன் 2. குரு 3. சந்திரன் 4. சுக்கிரன் 5. செவ்வாய் 6. சனி 7.

அதற்குக் கீழே இரண்டு வரி: 'புதன் முதல் பலம், கணக்கு, வணிகப் படிப்பு உகந்தது. செவ்வாய் பலக்குறைவு. இருபத்தைந்தாம் வயதில் செவ்வாய் தசை தொடக்கம். சீருடை, ஆயுதம் சம்பந்தப்பட்ட வேலை கூடாது.'

"செவ்வா தசை இப்பதான் ஆரம்பிச்சிருக்குது" என்றார் கண்ணையன். "பூர நட்சத்திரம். நீங்க சொன்ன வயசு அப்படியே வந்துட்டுது. இந்த நேரத்துல துப்பாக்கி புடிக்கிற வேலைக்கி எப்டிம்மா அனுப்பறது?"

"ஒரு மணி நேரம் குடுங்க ஐயா. மறுபடி போட்டுப் பாத்துட்டு சொல்றேன்" என்றாள் அம்சா.

"எழுதினது நீங்கதானே?"

"நாந்தான். இருந்தாலும் பாக்குறேன்."

அவர்கள் பஸ் ஸ்டாண்டு பக்கம் போனார்கள். அம்சா ஸ்டூல் போட்டு ஏறி நோட்டை எடுத்தாள். தூசியில் தும்மல் வந்தது. கூட்டலில் தப்பு இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தாள். எண்ணே தப்பு என்றால், மெஷின் மேல் பழி போட்டுவிடலாம்.

தப்பு இல்லை. கலைப்பிரியா ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், சூரியன் உதித்துக் கொஞ்ச நேரத்தில் பிறந்தவள். பகலின் முதல் பாகம் புதனுடையது, அதற்கு அறுபது. இரவு பகல் பார்க்காமல் புதனுக்கு எப்போதும் கிடைக்கிற அறுபது இன்னொன்று. லக்னத்தில் உட்கார்ந்திருப்பதால் திக் பலத்திலும் கிட்டத்தட்ட முழுசு. அப்படித்தான் கூட்டுத்தொகை 402 ஆகி எல்லாரையும் தாண்டியிருந்தது. செவ்வாய் பத்தாம் வீட்டின் நடுவில். திக் பலம் அறுபது. கிழமைக்கு உரியவன் என்பதால் நாற்பத்தைந்து. தேய்பிறையில் பாபர்களுக்குக் கூடுவது வேறு. பிறவிப் பலம் பதினேழுதான். எல்லாம் சேர்த்து 342. பெரிய எண்கள் நடுவே அது ஆறாவதாக நின்றது.

அவள் வகுத்தாள். புதனுக்கு வேண்டியது ஏழு ரூபம், அதாவது 420; இருப்பது 402. தொண்ணூற்றாறு சதவீதம்கூடத் தேறவில்லை. செவ்வாய்க்கு வேண்டியது 300, இருப்பது 342. பதினாலு சதவீதம் கூடுதல். புது வரிசை: செவ்வாய், சுக்கிரன், சூரியன், சந்திரன், குரு, புதன், சனி. சந்திரனும் சனியும் மட்டும்தான் பழைய இடத்தில் இருந்தார்கள்.

அவர்கள் வர இன்னும் அரைமணி இருந்தது. பழைய தாளையே வாசித்து, ஆமாம் கூடாது என்று சொல்லி அனுப்பிவிடலாம். கண்ணையன் கேட்டு வந்ததும் அதுதான். ஒரு வார்த்தை போதும். அம்சா அதை நினைத்துப் பார்த்தாள். அதைச் செய்வதற்கும் அவளுக்குத் தெம்பு இல்லை என்று தோன்றியது.

அவர்கள் திரும்பி வந்ததும், கலைப்பிரியாவையும் உட்காரச் சொன்னாள்.

"ஐயா, கூட்டினது சரி. வரிசை தப்பு. தப்பு என்னுது."

கண்ணையனுக்கு விளங்கவில்லை. "தப்புன்னா?"

"நீங்க மல்லாட்டை போடறவரு. நெல்லு மூட்டை எழுவத்தஞ்சு கிலோ, மல்லாட்டைக் காய் மூட்டை நாப்பது கிலோன்னு வெச்சுக்குங்க. ஒரு நெல்லு மூட்டை எழுவது இருக்குது. ஒரு மல்லாட்டை மூட்டை நாப்பத்தஞ்சு இருக்குது. எது குறைச்சல்?"

"நெல்லு. அஞ்சு கிலோ கம்மி."

"நான் ரெண்டையும் பக்கத்துல வெச்சு, எழுவதுதான் பெருசுன்னு எழுதிட்டேன். ஒவ்வொரு கிரகத்துக்கும் இவ்ளோ இருக்கணும்னு ஒரு அளவு இருக்குது. புதனுக்கு அதிகமா வேணும். இந்த ஜாதகத்துல அதுக்குக் குறையுது. செவ்வாய்க்குக் கொஞ்சம் இருந்தா போதும். இங்க அதைவிட மேலயே இருக்குது. அளவு வெச்சுப் பாத்தா செவ்வாதான் முதல். புதன் ஆறாவது."

கண்ணையன் லேமினேட் தாளைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார், யாரோ எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்பது போல.

"பத்தாவது முடிச்சிட்டு சயின்ஸ் குரூப்புதான் எடுப்பேன், என்.சி.சி.ல சேருவேன்னு நின்னுச்சு. பதினொண்ணாவது பாதியில உங்ககிட்ட வந்தேன். இந்தத் தாளைக் காட்டித்தான் காமர்ஸுக்கு மாத்திவுட்டேன். மூணு நாளு சோறு துன்னலை. அப்பறம் பி.காம். அப்பறம் ஆடிட்டர் ஆபீசு. எட்டு வருஷம்மா" என்றார். குரலை உயர்த்தவில்லை. "அப்ப நீங்க தப்புன்னு எப்பத் தெரிஞ்சிக்கினீங்க? இன்னிக்கா?"

இன்றைக்கு என்று சொல்லியிருக்கலாம். "ஆறு வருஷம் முன்ன. உங்களுக்குச் சொல்லியிருக்கணும். சொல்லலை" என்றாள் அம்சா.

"இப்ப எழுதறது மட்டும் சரின்னு நான் எப்டி நம்பறது?"

"அதையும் சொல்லிடறேன். ஒரு புத்தகத்துல சூரியனுக்கு ஆறரைன்னு அளவு போட்டிருக்குது. இன்னொண்ணுல அஞ்சுன்னு போட்டிருக்குது. அஞ்சு வெச்சா சூரியன் முதல்ல வரும், செவ்வா ரெண்டாவது. நான் ஆறரைதான் வெச்சிருக்கேன், பழைய நூல்ல அப்படித்தான். எதை வெச்சாலும் புதன் முதல்ல வராது. செவ்வா கடைசிப் பக்கம் போவாது. இன்னொண்ணு ஐயா, பலம்னா அதால எவ்ளோ செய்ய முடியும்ங்கறதுதான். நல்லது செய்யுமா கெட்டது செய்யுமான்னு இந்தப் பக்கம் சொல்லாது. நான் அன்னிக்கு அந்த ரெண்டு வரியும் எழுதியிருக்கவே கூடாது."

"அப்ப அனுப்பட்டுமா வேணாமா?"

"அத நான் சொல்லமாட்டேன்."

கண்ணையன் எழுந்து வெளியே போய் நின்றார். ஒரு பீடியைப் பற்ற வைத்து, குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

அதுவரை பேசாமல் இருந்த கலைப்பிரியா சொன்னாள்: "நான் எப்டியும் போகத்தான் போறேன் மேடம். நீங்க கூடாதுன்னு சொல்லியிருந்தாலும் போயிருப்பேன். வரலைன்னா அவரு எங்கிட்ட பேசாம இருந்துடுவாரேன்னுதான் கூட வந்தேன்."

"கோவமா கண்ணு?"

அவள் யோசித்தாள். "முன்ன இருந்துச்சு. அந்தத் தாளை ரெண்டு தபா கிழிக்கப் பாத்தேன். அதுக்கப்பறம்தான் லேமினேட் பண்ணாரு." பலகையில் இருந்த நோட்டுகளைப் பார்த்து, "எங்கள மாதிரி இன்னும் எவ்ளோ பேரு மேடம்?" என்று கேட்டாள்.

குத்திக்காட்டும் தொனி அதில் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அம்சா மேல் பலகையைப் பார்த்தாள். "எண்ணலை" என்றாள்.

கண்ணையன் உள்ளே வந்தார். தப்பு அம்சாவுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரும்படி கேட்டார். அம்சா ஒரு வெள்ளைத் தாளில் இரண்டு வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, எது சரி, எது தன் பிழை என்று குறித்து, தேதி போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுத்தாள். அவர் அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். போகும்போது சொல்லிக்கொள்ளவில்லை. மகள் மட்டும் தலையசைத்தாள்.

வீட்டுக்குப் போய்ச் சேர ஏழு மணி ஆனது. கிருஷ்ணசாமி முதுகுக்கு பெல்ட் கட்டிக்கொண்டு அடுப்பருகே நின்று கேப்பைக்களி கிண்டிக்கொண்டிருந்தான். அவள் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து நடந்ததைச் சொன்னாள்.

"எழுதி வேற குடுத்துட்டியா" என்றான் அவன். "அத எடுத்துக்கினு அவரு ஊரெல்லாம் காட்டுவாரு. உங்கிட்ட எவன் வருவான்?"

"வரமாட்டாங்க."

"வுடேன் அம்சா. மத்தவங்கள்லாம் கேக்கவா போறாங்க?"

"அந்தப் பொண்ணு கேட்டுச்சுங்க."

அவன் களியை உருட்டித் தட்டில் வைத்தான். சாப்பிட்டு முடித்ததும், "நோட்டு ஒம்போதையும் ஒண்ணா தூக்காத. தினம் ஒண்ணா எடுத்துக்கினு வா. நான் போன் நம்பர் பாத்து எழுதித் தர்றேன்" என்றான்.

கிருஷ்ணசாமி சொன்னது நடந்தது. ஒரு மாதத்துக்குள் விஷயம் பரவியது. இரண்டு ஜோசியர்கள் வருவதை நிறுத்தினார்கள். ஒருவர் போனில், "மெஷின் மேல போட்டுட்டுப் போவறத வுட்டுட்டு இன்னாத்துக்கும்மா இந்த பேஜாரு?" என்றார்.

நோட்டுகளில் நானூற்று முப்பத்தொரு ஜாதகங்கள் இருந்தன. எல்லாவற்றையும் வகுத்துப் பார்த்ததில், வரிசையில் பெரிய மாற்றம் வந்தவை நூற்று எழுபது. கிருஷ்ணசாமி படுத்தபடியே போன் நம்பர்களைத் தனித்தாளில் எழுதினான். மத்தியானம் ஆள் வராத நேரத்தில் அம்சா ஒவ்வொன்றாகக் கூப்பிட்டாள். பாதிக்கு மேல் உபயோகத்தில் இல்லாத நம்பர்கள். சிலருக்கு அவள் யாரென்றே நினைவில்லை. ஒருவர் தூக்கம் கெட்டுப்போனது என்று திட்டிவிட்டு வைத்தார். வீடூரில் இருந்து சின்னபொண்ணு என்ற அம்மாள் முழுசாகக் கேட்டுவிட்டு, "குரு முதல்லன்னு நீ சொன்னத நம்பித்தான் எம்புள்ள வாத்தியாரா ஆச்சு. நல்லா கீது. இப்ப போயி மாத்தாதம்மா, அப்படியே இருந்துட்டுப் போவட்டும்" என்றாள்.

"பையனை மாத்தலைங்க. தாளைத்தான் மாத்தறேன்."

"தாளு இங்க எங்க கீது? மழையில போயிட்டுது."

செஞ்சி ரோட்டில் ஒரு பெண், தன் தங்கை கல்யாணம் இந்த வரிசையை வைத்துத்தான் ஒரு வருஷம் தள்ளிப்போனது என்றாள். அதனால் என்ன ஆனது என்று அம்சா கேட்டாள். அந்தப் பெண், "வேற எடத்துல முடிஞ்சிது" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அன்று அம்சா வேறு யாரையும் கூப்பிடவில்லை. மூன்றரை மணி வண்டிக்கே கிளம்பிவிட்டாள்.

கலைப்பிரியா பத்தாம் தேதி பயிற்சிக்குப் போனாள். அம்மாதான் பஸ் ஏற்றிவிட்டாளாம். கண்ணையன் மல்லாட்டைக் கொல்லையில் வேலை இருக்கிறதென்று போய்விட்டார். இதையெல்லாம் கலைப்பிரியாவே ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னாள். பயிற்சியில் வாரம் ஒருமுறைதான் போன் கிடைக்குமாம். குதிகால் வெடித்து ரத்தம் வருகிறது என்றாள். பரேடில் ஒரு பெண் மயங்கி விழுந்தாள் என்றாள்.

"திரும்பிப் போயிடலாம்னு ரெண்டு நாளு தோணுச்சு மேடம். போகலை."

"அப்பா பேசினாரா?"

"போன வாரம் வந்தாரு. பாக்கறதுக்கு ரெண்டு மணி நேரம் வுடுவாங்க. மரத்தடியில உக்காந்துக்கினு இருந்தாரு. ஒண்ணும் பேசலை. என் காலைப் பாத்துட்டு, வெளிய போயி மருந்து வாங்கியாந்து குடுத்துட்டுப் போயிட்டாரு."

பின்னால் யாரோ விசில் ஊதினார்கள். அவள் அவசரமாக வைத்துவிட்டாள்.

அம்சா போனைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தாள். கூப்பிட வேண்டியவர்கள் இன்னும் அறுபத்திரண்டு பேர் இருந்தார்கள். நாளைக்குத் திங்கட்கிழமை. கிருஷ்ணசாமி வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தான். அவள் எழுந்துபோய் அவனுக்கு எதிரே உட்கார்ந்து, பாதிக் கீரையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.